சோத்தாங்கை விதி

எனக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, பந்து எறிவது, கோலம் போடுவது எல்லாம் அந்தக் கைதான். சாப்பிடுவது மட்டும் வலது கை. அது தானாக வந்ததில்லை, சின்ன வயதில் வீட்டில் அதட்டி வரவழைத்தது. எங்கள் பக்கத்தில் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர், இடது கைக்குப் பீச்சாங்கை என்று பெயர். முதல் பெயர் சோறு அள்ளுவதால் வந்தது. இரண்டாவது பெயர் எதனால் வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடிப் பக்கம் பள்ளிக்கூடம் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, ஆனால் சீட்டு உண்டு. கண்டக்டர் நீட்டுகிற அந்தச் சும்மாச் சீட்டை இடது கையால் வாங்கிவிட்டேன் என்றால் போதும், "சோத்தாங்கை என்னாச்சு, அடகுக் கடையில இருக்கா?" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். தினமும் அதே கேள்வி, தினமும் அதே சிரிப்பு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஆனால் அடுத்த நாளும் அதே பஸ்ஸில்தானே போக வேண்டும் என்று வாயை மூடிக்கொள்வேன்.

இப்படிப்பட்ட எனக்கு, பிளஸ் ஒன் இயற்பியலில் வலக்கை விதி என்று ஒன்று வந்தபோது எப்படி இருந்திருக்கும். அறிவியலாவது நம் கட்சியில் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் இயற்பியல் டீச்சர் அந்தப் பாடத்தை நடத்திய விதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த வாரம்தான் எங்களுக்கு அரசாங்க சைக்கிள் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு சைக்கிளை வகுப்புக்குள் உருட்டி வந்து, தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரம் எங்களுக்கு முழு வட்டமாகத் தெரியும்படி நிறுத்தினார். சைக்கிளுக்குச் சொந்தக்காரி பதறிப்போய் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா, ஒன் சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தின் முன்னால் நின்றார். விளிம்பின் வலது ஓரத்தில் விரலை வைத்து மேல்நோக்கித் தள்ளினார். சக்கரம் சுற்றியது. பிறகு அதே இடத்தில் விரலை வைத்து, கம்பி வழியாக நடு அச்சை நோக்கி அழுத்தினார். எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் அசையவில்லை.

"பாத்தீங்களா? எவ்வளவு பலம்ங்கிறது மட்டும் பத்தாது. அச்சுல இருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கமா தள்ளுறோம்ங்கிறதும் வேணும். அச்சுல இருந்து தள்ளுற எடம் வரைக்கும் ஒரு அம்பு போடுங்க, அது r. தள்ளுற விசை இன்னொரு அம்பு, அது F. ரெண்டும் செங்குத்தா இருந்தா முழுத் திருப்பு விசை கெடைக்கும். ரெண்டும் ஒரே கோட்டுல கெடந்தா ஒண்ணுமே கெடைக்காது. நடுவுல சாய்வா இருந்தா, r பெருக்கல் F பெருக்கல் அந்தக் கோணத்தோட சைன்."

அதுவரை எங்களுக்குப் புரிந்தது. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் வகுப்பைக் குழப்பியது. விசைக்கு ஒரு திசை இருக்கிறது, சுற்றுவதற்குத் திசை எது என்று கேட்டார்.

"சுத்துற பக்கந்தான் டீச்சர்" என்றாள் ஒருத்தி.

டீச்சர் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். "சுத்துற பக்கம்னா எந்தப் பக்கம்? மேல இருக்கிற விளிம்பு இங்கிட்டுப் போகுது. கீழ இருக்கிறது அங்கிட்டுப் போகுது. வலது ஓரம் ஏறுது, இடது ஓரம் எறங்குது. இதுல எதைச் சொல்லுவ?"

டீச்சர் நடு அச்சைத் தொட்டுக் காட்டினார். "இதுல திசை மாறாம நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த அச்சு. அதனால சுழற்சியோட திசையை அச்சு மேலயே வரைஞ்சிடுறோம்" என்றார். ஆனால் அச்சுக்கு இரண்டு முனை இருக்கிறது. ஒன்று எங்களை நோக்கி, இன்னொன்று கரும்பலகையை நோக்கி. இரண்டில் எது என்று முடிவு செய்ய ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் கை.

"எல்லாரும் பேனாவக் கீழ வைங்க. சோத்தாங்கையத் தூக்குங்க" என்றார். பாடப் புத்தகத்தில் வலக்கை விதி என்று இருந்ததை அவர் அன்று முழுக்கச் சோத்தாங்கை விதி என்றுதான் சொன்னார். "மொதல்ல விரலை எல்லாம் r போற பக்கம் நீட்டுங்க. அச்சுல இருந்து வெளிய. இப்ப உள்ளங்கையை F பக்கம் திருப்பி வெச்சு, விரலை F பக்கமா மடக்குங்க. கட்டை விரலை மடக்காம நட்டமா வைங்க. அது எங்கிட்டுக் காட்டுதோ, அதுதான் திருப்பு விசையோட திசை."

வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. r வலப்பக்கம், F மேலே. விரல்களை வலப்பக்கம் நீட்டி மேல்நோக்கி மடக்கினால், கட்டை விரல் அவரவர் முகத்தை நோக்கி வந்து நின்றது. அதாவது சக்கரத்திலிருந்து எங்களை நோக்கி.

"வரிசை முக்கியம். r மொதல்ல, F அப்புறம். எலையில மொதல்ல சோறு, பெறகு கொழம்பு. மாத்தி F-ல ஆரம்பிச்சு r-க்கு மடக்குனா கட்டை விரல் நேர் எதிர்ப்பக்கம் போயிடும். சாதாரணப் பெருக்கல்ல மூணு நாலு பன்னெண்டு, நாலு மூணும் பன்னெண்டு. அம்பையும் அம்பையும் இப்படிப் பெருக்குற குறுக்குப் பெருக்கல்ல அந்தச் சலுகை கெடையாது."

கோண உந்தமும் இதே கதைதான் என்றார். F இருந்த இடத்தில் உந்தம் p-யை, அதாவது நிறையை வேகத்தால் பெருக்கி வருகிற அம்பை, வைத்துக்கொண்டால் போதும். ஓடுகிற சக்கரத்தின் விளிம்பில் எந்தத் துண்டை எடுத்தாலும், r-இலிருந்து p-க்கு விரலை மடக்கினால் கட்டை விரல் ஒரே பக்கம்தான் காட்டுகிறது. அதையும் செய்து பார்த்தோம். பிறகு சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தின் வலது ஓரத்தை மேல்நோக்கி இன்னொரு தட்டு தட்டினார், வேகம் கூடியது. அதே ஓரத்தைக் கீழ்நோக்கித் தட்டினார், வேகம் குறைந்தது. திருப்பு விசையும் கோண உந்தமும் ஒரே பக்கம் பார்த்தால் சுழற்சி கூடும், எதிரெதிரே பார்த்தால் குறையும். கட்டை விரலை வைத்தே அதைச் சொல்ல முடிந்தது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஆச்சரியம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். எழுந்து நின்று கேட்டே விட்டேன். "பீச்சாங்கைய வெச்சா என்ன டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. ஒலகம் முழுக்க எல்லாரும் பீச்சாங்கைன்னு பேசி வெச்சிருந்தா அதுவும் சரியாத்தான் இருக்கும். சக்கரம் ஒன் கையைப் பாத்துச் சுத்தல. நாமதான் ஒரு பக்கத்தைப் பேசி வெச்சுக்கிறோம். ரோட்டுல எல்லாரும் இடது பக்கமா போறோம்ல, அது மாதிரி. ஒருத்தி மட்டும் மாத்திப் போனா முட்டிக்கும்."

நியாயமான பதில்தான். இருந்தாலும், பேசி வைத்தவர்கள் என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இந்த முணுமுணுப்பைக் கேட்டு என் தொடையில் கிள்ளினாள். அவள்தான் எங்கள் வகுப்பில் முதலாவது வருகிறவள். என் ஊருக்கு அடுத்த ஊர். அவள் அப்பா தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துத் தேங்காய் வியாபாரம் செய்கிறவர், கண்டிப்பானவர் என்று பெயர். நான் எப்போதும் இரண்டாவதோ மூன்றாவதோ. எங்களுக்குள் அதில் போட்டி உண்டு, சண்டை கிடையாது. அவளுக்குப் புரிந்ததை எனக்குச் சொல்லுவாள், எனக்குப் புரிந்தால் நான் அவளை வம்புக்கு இழுப்பேன்.

அந்த வருடம் திருச்சியில் ஒரு கல்லூரியில் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் முகாம் வைத்திருந்தார்கள். ஒரு பள்ளிக்கு ஒருவர். ஒரு வாரம் அங்கேயே விடுதியில் தங்கி, கல்லூரி ஆய்வகத்தில் சோதனை செய்யலாம், இரவில் தொலைநோக்கியில் வானம் பார்க்கலாம் என்றார்கள். டீச்சர் அவள் பெயரைத்தான் கொடுத்தார். அவள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க டீச்சரே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது. பொம்பளைப் பிள்ளையை ஒரு வாரம் வெளியூரில் விடுவதா என்று இழுத்தவர், கடைசியில், "ஒங்க பொறுப்பு டீச்சர், ஒங்கள நம்பித்தான்" என்று சொல்லி அனுப்பினாராம்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. இயற்பியல் தாளில் இந்தப் பாடத்திலிருந்து படத்தோடு ஒரு கேள்வி. முதல் பாதியில் ஒரு ஸ்பேனர். நட்டிலிருந்து வலப்பக்கமாக இருபது சென்டிமீட்டர் தள்ளி, தாளின் மேல்பக்கம் நோக்கி ஐம்பது நியூட்டன் விசை. திருப்பு விசை எவ்வளவு, எந்தத் திசை? இரண்டாம் பாதியில் ஒரு பந்து. ஒரு புள்ளிக்கு நேர் மேலே நான்கு மீட்டர் தள்ளி, இரண்டு கிலோ நிறையுள்ள பந்து வலப்பக்கமாக விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் போகிறது. அந்தப் புள்ளியைப் பொறுத்துக் கோண உந்தம் எவ்வளவு, எந்தத் திசை?

அளவு யாருக்கும் கஷ்டமில்லை. முதலாவது பத்து நியூட்டன் மீட்டர், இரண்டாவது இருபத்து நான்கு. திசைக்குக் கையைத் தூக்கினேன். ஸ்பேனருக்குக் கட்டை விரல் தாளை விட்டு வெளியே என்னைப் பார்த்தது. பந்துக்கு, விரல்களை மேல்பக்கம் நீட்டி வலப்பக்கம் மடக்கியபோது, கட்டை விரல் தாளுக்குள் மேசையைப் பார்த்தது. வெளியே, உள்ளே என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து விடைத்தாள் கொடுக்கிற அன்று டீச்சர் முகமே சரியில்லை. தாள்களை யாருக்கும் கொடுக்காமல் மேசை மேல் வைத்தார்.

"ஸ்பேனர் கணக்குக்கு 'உள்ளே'ன்னு எழுதியிருக்கீங்க. பந்துக்கு 'வெளியே'ன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் தப்பு. தெரியாம எழுதுனா ஆளுக்கொரு தப்பா இருக்கணும். பாதிப் பேரு உள்ள, பாதிப் பேரு வெளியன்னு வந்திருக்கணும். சரியா எழுதுன ஒருத்தியையும், விட்டுட்டுப் போன ஒண்ணு ரெண்டு பேரையும் தவிர, கிளாஸே ஒரே மாதிரி ரெண்டையும் தலைகீழா எழுதியிருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்? ஹால்ல இருந்த சார் போன் பேச வெளிய போனாராம்ல?"

யாரோ ஒருத்தி தப்பாக எழுதியதை எல்லோரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அந்த யாரோ ஒருத்தி யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஊரே பார்த்து எழுதுகிறது என்றால் முதல் மாணவியைத்தானே பார்த்து எழுதும்.

அவளை எழுப்பி நிறுத்தினார். "நீ காமிச்சியா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப எப்படி எல்லாரும் ஒன்னோட தப்பையே எழுதியிருக்காங்க?"

அவள் மேசையில் கிடந்த தாள்களையே பார்த்தாள். "ஒங்க அப்பாகிட்ட எம் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்தேன். நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வா. முகாமுக்கு ஒன்னைய அனுப்புறத நான் மறுபடி யோசிக்கணும்" என்றார் டீச்சர். குரலில் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம் இருந்தது, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

மதியம் என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். "ஒன் தாள்ல மட்டுந்தான் ரெண்டு திசையும் சரி. நீ யாரையும் பாத்து எழுதல. ஒன் பேரைக் குடுத்துடட்டுமா? வீட்டுல விடுவாங்களா?"

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. தோழி ஒரு பக்கம் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள், நான் இன்னொரு பக்கம் திருச்சிக்கு எந்தப் பாவாடை தாவணி எடுத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "விடுவாங்க டீச்சர்" என்றேன். வீட்டில் கேட்கவே இல்லை.

வகுப்புக்குத் திரும்பினால் அங்கே வேறு வரவேற்பு. "நீ மட்டும் எப்புடிடி சரியா எழுதுன? நீதான் டீச்சர்கிட்ட போட்டுக் குடுத்தியா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சரியாக எழுதியதற்கு ஏச்சு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பதிலுக்கு நானும் நன்றாகத் திட்டினேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நானும் அவளும் மட்டும் நின்றோம். எங்கள் பஸ் எப்போதும் தாமதம். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய ஒரு வண்டி எங்கள் மேல் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போனது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று, "நான் காமிக்கலடி. நீயாவது நம்புறியா?" என்றாள்.

"நம்புறேன். ஆனா எப்புடி எல்லாருக்கும் ஒரே தப்பு வந்துச்சு?"

"எனக்கு அது தப்புன்னே இன்னும் புரியல. இப்ப போட்டாலும் அதேதான் வரும்." பையிலிருந்து கேள்வித்தாளை உருவினாள். பேனாவை எடுத்தாள். பையை மேசையாக்கி, தாளின் பின்பக்கம் ஸ்பேனரை வரைந்தாள். r என்று ஒரு அம்பு, F என்று ஒரு அம்பு. "நல்லா பாரு. r இங்கிட்டு. F மேல" என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கி, விரல்களை வலப்பக்கம் நீட்டி, மேல்பக்கமாக மடக்கினாள். கட்டை விரல் தரையைப் பார்த்தது. "உள்ளதான போகுது?"

நான் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். அவளுடைய வலது கையில் பேனா இருந்தது. தூக்கியிருந்தது இடது கை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "என்னடி, என்னடி" என்று அவள் கோபமாகக் கேட்கக் கேட்க, வாய் திறந்து சொல்ல முடியாமல் அவள் கையையே காட்டிக் காட்டிச் சிரித்தேன். அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். "அடிப்பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

வகுப்பில் யாருக்கும் இந்தத் தப்பு வந்ததே இல்லை, ஏனென்றால் டீச்சர் ஒவ்வொரு முறையும் முதலில் பேனாவைக் கீழே வைக்கச் சொல்வார். தேர்வு அறையில் அதைச் சொல்ல யாரும் இல்லை. மணி ஓடுகிறது, பேனா கையில் இருக்கிறது, சும்மா இருக்கிற கை தானாக மேலே எழுகிறது. கை மாறினால் கட்டை விரல் நேர் எதிரே போய்விடும். உள்ளே வெளியே ஆகும், வெளியே உள்ளே ஆகும், இரண்டு திசையும் தலைகீழ். நான் மட்டும் தப்பித்ததற்குக் காரணம் என் அறிவில்லை. என் பேனா பீச்சாங்கையில் இருந்தது, சும்மா கிடந்தது சோத்தாங்கை. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கை எனக்கு ஒரு உபகாரம் செய்திருந்தது.

பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் திருச்சி ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "டீச்சர் ஒன் பேரைக் குடுக்கப் போறாங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்க" என்றாள். "இதை நான் போயிச் சொன்னா நம்ப மாட்டாங்க. தப்பிக்கக் கதை கட்டுறேன்னு நெனப்பாங்க. நீ சொன்னாத்தான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டாள். என் நிறுத்தம் வந்தது. இறங்கினேன். அவளுக்குக் கை காட்டக்கூட இல்லை. எனக்குப் போக ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் அது அண்டப்புளுகு.

மறுநாள் காலையில் முதல் ஆளாக டீச்சரிடம் போய் நின்றேன். இரவெல்லாம் யோசித்துத் தர்மத்தின் பக்கம் முடிவெடுத்தேன் என்றெல்லாம் இல்லை. நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போது மறுபடி அவள் கை ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், அவ்வளவுதான்.

டீச்சர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "சிநேகிதிக்காகச் சொல்றியா?"

"இல்ல டீச்சர். நீங்களே வெச்சுப் பாருங்க. பேனாவக் கீழ வைங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டார். பிறகு வகுப்பை வெளியே வரச் சொல்லி, வராந்தாவில் தூணுக்கு ஒருத்தியாக, மிச்சப் பேரை வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார். என்னையும் அவளையும் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். மற்ற யாருக்கும் விஷயம் தெரியாது. ஒரு புதுப் படத்தைச் சின்னக் கரும்பலகை ஒன்றில் வரைந்து வெளியே கொண்டுவந்து சாய்த்தார். இந்த முறை r இடப்பக்கம், F மேலே. சரியான விடை பலகைக்கு உள்ளே.

"திசை மட்டும் எழுதுங்க. ஒருத்தரை ஒருத்தர் பாக்கக் கூடாது."

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டபடி உள்ளே வந்தார். முகம் இறுகிப்போயிருந்தது. மகளை ஒரு பார்வை பார்த்தார், அவள் என் பின்னால் ஒதுங்கினாள். டீச்சர் அவரிடம், "கொஞ்சம் இருங்க" என்று கையைக் காட்டினார்.

தூணோரம் இருந்த முதல் பெண் படத்தை உற்றுப் பார்த்தாள். வலது கையில் பேனா. மெல்ல இடது கையைத் தூக்கினாள். அடுத்த தூணில் இன்னொரு இடது கை. வேப்பமரத்தடியில் ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் ஒன்று. கொஞ்ச நேரத்தில் வராந்தா முழுக்க இடது கைகள் எழுந்து, முறுக்கிக்கொண்டு, விரல்களை மடக்கி, கட்டை விரலைத் தங்கள் முகத்துக்கு நேரே நீட்டி நின்றன. ஒருத்தி மட்டும் பேனாவை வாயில் கவ்விக்கொண்டு வலது கையைத் தூக்கினாள். அவள் அரையாண்டில் அந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டவள்.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கடைசியில் அடக்க முடியாமல் சத்தமாகவே சிரித்துவிட்டார். வகுப்பு திரும்பிப் பார்த்தது. அவள் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன டீச்சர், பரீட்சையில காப்பி அடிச்சுட்டான்னு வரச் சொன்னீங்க. இங்க எல்லாரும் கையத் தூக்கிட்டு இருக்காங்க?"

"ஒங்க மக காப்பி அடிக்கலைங்க. யாருக்கும் காமிக்கவும் இல்ல. எல்லாரும் சொந்தமா யோசிச்சு, சொந்தமாத் தப்பு பண்ணியிருக்காங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஒங்கள அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்கங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "தப்பு தப்புதானங்க?"

"மார்க்குல தப்புதாங்க, அதை நான் போட மாட்டேன். நடத்தையில ஒரு தப்பும் இல்ல."

அவர் முகம் மெதுவாகத் தளர்ந்தது. மகளைப் பார்த்து, "ராத்திரி சோறு திங்காம படுத்துட்டா டீச்சர். நானும் ஒரு வார்த்தை கேக்காம திட்டிப்புட்டேன்" என்றார். பிறகு மடியிலிருந்து பத்து ரூபாயை எடுத்து அவள் கையில் திணித்து, "ஏத்தா, எதாச்சும் வாங்கித் தின்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவள் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முந்தின நாள் திட்டு வாங்கியபோது அழாதவள்.

வகுப்புக்குள் எல்லோரும் போன பிறகு டீச்சர் என்னைப் பார்த்தார். "அப்ப பேரை மறுபடி மாத்தணும்" என்றார். கேள்வி போலவும் இருந்தது, முடிவு போலவும் இருந்தது.

"மாத்துங்க டீச்சர்" என்றேன். கெத்தாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது. டீச்சர் என் தலையில் கை வைத்தார், அது இன்னும் வம்பாகிப்போனது. ஆய்வகத் தொட்டியில் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குள் போனேன்.

அரையாண்டு இயற்பியலில் அந்த மதிப்பெண் வித்தியாசத்தில் அவளை நான் முந்தினேன். அதுவே முதல் முறை, அதுவே கடைசி முறை. அதை அவளிடம் தினம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டினேன். அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் பஸ்ஸில் கேட்டாள்.

"ஒனக்குப் போகணும்னு ஆசை இல்லையாடி?"

"இருக்கு. ரொம்ப இருக்கு."

"அப்ப ஏன் சொன்ன? நீ சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒன் கையப் பாத்ததும் சிரிச்சுப்புட்டேன்ல. சிரிச்சதுக்கப்பறம் எப்புடிடி மறைக்கிறது?" என்றேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண்டக்டர் சீட்டு நீட்டினார். இருவருமே கவனிக்கவில்லை.

முகாமுக்குப் போன இரண்டாம் நாள் என் அம்மாவின் போனுக்கு அழைத்தாள். பின்னால் ஒரே பெண்கள் சத்தம். விடுதிச் சோறு உப்பில்லை, மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரிகிறது, வியாழனைச் சுற்றி நான்கு நிலாவைப் பார்த்தேன் என்று மூச்சு விடாமல் பேசினாள். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமை தாங்கவில்லை.

"இன்னைக்கு ஒரு புரொஃபசர் திருப்பு விசைக்குத் திசை கேட்டாருடி. எத்தனையோ ஊருப் பிள்ளைங்க, எல்லாரும் அவங்கவங்க பள்ளிக்கூடத்துல மொதல் ஆளு. பேனாவப் பிடிச்சுக்கிட்டே கையத் தூக்குனாங்க பாரு, ஹால் முழுக்கப் பீச்சாங்கை. எனக்கு மட்டும் ஒன் சிரிப்புச் சத்தம் காதுல கேட்டுச்சு. பேனாவக் கீழ வெச்சுட்டேன்."

"சரியாச் சொன்னியா?"

"நான் மட்டுந்தான் சொன்னேன். எழுந்து நிக்கச் சொல்லி, எப்புடிம்மா தெரிஞ்சுதுன்னு கேட்டாரு. ஒன் கதையைச் சொன்னேன். மொத்த ஹாலும் சிரிச்சுது. ஒன்னைய எங்கன்னு கேட்டாருடி."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டார். அழவில்லை, சிரிக்கிறேன் என்றேன். இரண்டுமே உண்மைதான்.